மொட்டை மாடியில் தோட்டம் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீடு. போன ஆடியில் ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, மாடி நடுவில் செங்கல் கட்டி, 10 அடிக்கு 6 அடியில் பாத்தி போட்டுத் தந்தார். வேர் துளைக்காத ஷீட் உட்பட 85 ஆயிரம் ரூபாய். உள்ளே ஒரு அடி உயரத்துக்குச் செம்மண். கொய்யாவும் கறிவேப்பிலையும் வைத்தோம்.

ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு தெரிந்தது. பத்து நாளில் அதன் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். பயந்துபோய் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் கீழே நின்று நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "முதல்ல மண்ணை இறக்குங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை, அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ என்றுதான் வடிவமைப்பார்கள். நனைந்த செம்மண் ஒரு கன அடி 50 கிலோவுக்குக் குறையாது. எங்கள் பாத்தியில் 60 கன அடி மண். மூன்று டன்! செங்கல் எடை தனி. அதுவும் தளம் அதிகம் வளையும் நடுப்பகுதியில்.

மண்ணை அள்ளியபோது இன்னொரு ஏமாற்று வெளிவந்தது. அந்த "ஷீட்" வெறும் கறுப்பு பாலித்தீன். இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார், இணைப்பைச் சூடாக்கி ஒட்டவில்லை. அந்த இடுக்கில் கொய்யா வேர் நுழைந்து, மாடித் தரையில் பதித்த தட்டோடுகளின் இணைப்பைப் பிளந்து உள்ளே போயிருந்தது. வேர் தடுப்பு ஷீட் என்றால் மடிப்புகள் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும், பாத்திச் சுவரில் மண் மட்டத்துக்கு மேல்வரை ஏறியிருக்க வேண்டும். மண் கொட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்க்கூரையைப் பாருங்கள். எங்களுக்கு அந்தச் சோதனையே செய்யவில்லை.

வடிகால் அடுக்கும் இல்லை. ஷீட்டின் மேல் துளையுள்ள பிளாஸ்டிக் வடிகால் தட்டு, அதன் மேல் மண் இறங்காமல் தடுக்கும் துணி, பிறகுதான் மண் என்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு மண்ணை ஷீட்டின் மேலேயே கொட்டியிருந்தார். செங்கல் சுவரிலும் தண்ணீர் போக ஓட்டை விடவில்லை; மாடியில் ஒழுங்காக வாட்டம் இருந்தும் பாத்திக்குள் தண்ணீர் குளமாய் நின்று, சுமையையும் கூட்டியது.

இப்போது தென்னை நார்த்தூள் கலந்த லேசான கலவையில் பைகளும் தொட்டிகளும் மட்டும்தான். அவற்றையும் கீழே பீமும் சுவரும் ஓடும் கோட்டின் மேல், மழைநீர்க் குழாய் வாயை விட்டு விலக்கி வைத்திருக்கிறோம். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு தொட்டிகூட இல்லை, கீழே தெரு. ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. கூரை விரிசலுக்கு இந்த வாரம் பூச்சு வேலை நடக்கிறது, செலவு எங்கள் கையிலிருந்து.