பத்து ரூபாய் ஏற்றத்துக்கு மூன்று அறிவிப்புகள்

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளை நம்பி நடக்கும் ஒரு சிறிய மெஸ், மதியச் சாப்பாட்டின் விலையை 90 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். அங்கே சாப்பிடுவோரில் பலர், 25 டோக்கன் கொண்ட புத்தகத்தை முன்பணம் கொடுத்து வாங்குபவர்கள். அவர்களுக்கான அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் அமையும்:

“விலைவாசி உயர்வு காரணமாக வரும் 1ஆம் தேதி முதல் சாப்பாடு ரூ.100. வாடிக்கையாளர்கள் ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறோம். – நிர்வாகம்.”

இதன் வறட்சியைப் போக்க நினைப்பவர் எதிர்த் திசையில் போய்விடுவார்:

“எங்கள் குடும்பத்தில் ஒருவரான உங்களிடம் இதைச் சொல்ல மனம் வலிக்கிறது. அரிசி, எண்ணெய், கேஸ் என எல்லாமே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. நஷ்டத்திலும் உங்களுக்காகவே கடையை நடத்துகிறோம்.”

இரண்டில் எது மேல் என்பதற்கு முன், அந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நாளைக்கு 120 சாப்பாடு, மாதம் 25 நாள் என்றால் 3,000 சாப்பாடு. வாடகை மாதம் 9,000 ரூபாய் கூடியிருந்தால் ஒரு சாப்பாட்டுக்கு 3 ரூபாய். சமையல்காரர், பரிமாறுபவர் ஆகியோரின் சம்பளம் மொத்தம் 12,000 ரூபாய் கூடியிருந்தால் 4 ரூபாய். ஒருவருக்கு 200 கிராம் அரிசி வீதம் மாதம் 600 கிலோ ஆகும். கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினாலும் சாப்பாட்டுக்கு 80 பைசாதான். மீதி 2 ரூபாய் 20 பைசா, காய்கறி விலையின் ஏற்ற இறக்கத்தைச் சமாளித்து இதே விலையைச் சில மாதங்களாவது காப்பாற்றுவதற்கு உரிமையாளர் ஒதுக்கிக்கொள்வது.

இந்தக் கணக்கின்படி, முதல் அறிவிப்பு மழுப்புகிறது என்றால் இரண்டாவது பொய்யே சொல்கிறது. அரிசியை முன்னே நிறுத்துவது எளிது, ஏனென்றால் அது எல்லோருக்கும் புரியும். ஆனால் மளிகைக்கடையில் அரிசி விலையை விசாரிக்கத் தெரிந்தவர்தான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். கேஸைக் காரணம் காட்டுவது இன்னும் ஆபத்தானது: வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரின் விலை வழக்கமாக மாதத் தொடக்கத்தில் மாற்றப்படுகிறது, ஏறுவதைப் போலவே பலமுறை இறங்கியும் இருக்கிறது, இறங்கிய செய்தியும் நாளிதழில் வந்துவிடுகிறது. அன்றைக்குக் கல்லாவில் இருப்பவரிடம் “இப்போது குறைப்பீர்களா?” என்று கேட்டால் பதில் இருக்காது. நஷ்டம் என்ற சொல்லும், அடுத்த மாதமே புது மின்விசிறி மாட்டும் கடைக்கு ஒத்துவராது. தொனியிலும் முதலாவதே மேல் என்பது என் எண்ணம். அது விறைப்பாக இருந்தாலும், படிப்பவர் மீது இரக்கச் சுமையை ஏற்றவில்லை.

திருத்தி எழுதினால் இவ்வாறு வரலாம்:

“வணக்கம். வரும் 1ஆம் தேதி முதல் மதியச் சாப்பாட்டின் விலை ரூ.90இலிருந்து ரூ.100 ஆகிறது. கடை வாடகை உயர்ந்துள்ளது. ஊழியர்களின் சம்பளத்தையும் உயர்த்தியிருக்கிறோம். ஏற்றத்தின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கானது. மீதி அரிசி, காய்கறிச் செலவுக்கானது. சாப்பாட்டின் அளவிலும் வகையிலும் மாற்றமில்லை. உங்களிடம் உள்ள பழைய டோக்கன்களுக்குக் கூடுதல் பணம் கேட்க மாட்டோம்.”

கீழே ‘நிர்வாகம்’ என்பதற்குப் பதிலாக உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டும். தினமும் முகம் பார்த்துப் பேசுபவர், எழுத்தில் மட்டும் ஒளிந்துகொள்வது பொருந்தாது. பைசாக் கணக்கை ஒட்டத் தேவையில்லை, கேட்பவரிடம் வாயால் சொன்னால் போதும். ஆனால் சம்பளத்தைப் பற்றிய வாக்கியத்தில் கவனம் தேவை. “ஊழியர்கள் கூடுதல் சம்பளம் கேட்டதால்” என்று எழுதினால், சாம்பார் வாளியோடு வருபவரைத்தான் வாடிக்கையாளர் முறைப்பார். “உயர்த்தியிருக்கிறோம்” என்றால் அது உரிமையாளரின் முடிவாக நிற்கிறது. அதே காரணத்தால் வீட்டுக்காரரைக் குறைகூறும் சொல்லும் இல்லை.

அளவில் மாற்றமில்லை என்ற வரியை உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதலாம். விலையை ஏற்றிய வாரத்திலேயே கூட்டுக் கரண்டி சிறியதானால், அந்த ஒரு வரி அறிவிப்பு முழுவதையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

டோக்கன் வாக்குறுதிக்கும் ஒரு செலவு உண்டு. 80 பேரிடம் சராசரியாகப் பத்து டோக்கன் மீதி இருந்தால், கடைக்கு ஒருமுறை 8,000 ரூபாய் குறையும். அறிவிப்பைப் பதினைந்து நாள் முன்னதாக ஒட்டினால் பழைய விலையில் மூன்று நான்கு புத்தகம் வாங்கி வைப்பவர்களும் வருவார்கள் என்பதால், 1ஆம் தேதி வரை ஒருவருக்கு ஒரு புத்தகம் மட்டுமே என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுவது நல்லது.