சரியா, தவறா? மருந்தடிக்கப் போகும் புதுக் கைக்கு எந்தக் கையுறை, எந்த முகமூடி

தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் புதிதாக மருந்தடிக்கும் வேலைக்கு வருகிறவர்களிடம் சில வாக்கியங்களைப் படித்துக் காட்டி "சரியா, தவறா?" என்று கேட்பது வழக்கம். முதல் வாக்கியத்திலேயே பெரும்பாலானோர் சறுக்குவார்கள்.

"களைக்கொல்லி மூக்கு வழியாகத்தான் உடம்புக்குள் போகும். முகமூடி நன்றாக இருந்தால் போதும்."

தவறு. முதுகுப் பம்ப்பில் களைக்கொல்லி அடிப்பவருக்கு மருந்து அதிகம் படுவது தோலில்தான், அதிலும் முதலில் கையில். நாற்றம் அடிப்பதால் மூக்கைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறோம். கையில் பட்டது வலிக்காது, மணக்காது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 லிட்டர் பம்ப்பில் 160 மில்லிலிட்டர் கிளைபோசேட் ஊற்றிக் கலப்பதாக வைத்துக்கொள்வோம் (உண்மையான அளவு டப்பாவின் லேபிளில் இருப்பதுதான்). கலந்த தண்ணீரில் மருந்து நூற்றில் ஒரு பங்கு. ஆகவே, டப்பாவிலிருந்து அளந்து ஊற்றும்போது விரலில் விழும் ஒரு சொட்டு, அடிக்கும்போது தெறிக்கும் நூறு சொட்டுக்குச் சமம். ஸ்டோர் வாசலில் கலக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் ஆபத்தானது. நம்மாட்களோ கலக்கும்போது வெறுங்கையோடு நின்றுவிட்டு, காட்டுக்குள் போகும்போது கையுறை மாட்டுவார்கள்.

"கையுறை எதுவானாலும் ஒன்றுதான்."

இதுவும் தவறு. ஸ்டோரில் வழக்கமாகக் கிடைக்கும் நான்கு கையுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வெள்ளைப் பருத்திக் கையுறை மலிவானது, காற்றோட்டமானது. மருந்து வேலைக்கு இதைவிட மோசமானது கிடையாது. திரவத்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். வெறுங்கையில் பட்ட மருந்து ஒருவேளை காய்ந்துபோகும், இல்லை நீங்கள் கழுவிவிடுவீர்கள். பருத்திக் கையுறைக்குள் அது மத்தியானம் வரை வியர்வையோடு ஊறிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், இதை மாட்டுவதைவிட வெறுங்கையே மேல். அதற்காக வெறுங்கையோடு போகச் சொல்லவில்லை.

தோல் கையுறை குலை வெட்டுகிறவர்களுக்கானது. முள் குத்தாமல் காக்கும். மருந்து பட்டால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும், ஒருமுறை உறிஞ்சியதைக் கழுவி எடுக்க முடியாது. வெட்டு வேலையிலிருந்து மாறி வருகிறவர்கள் பழைய கையுறையோடே வந்து நிற்பதுண்டு. தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் போடுகிற மாதிரி மெல்லிய கையுறை, லேடெக்ஸோ நைட்ரைலோ, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும். ஆனால் பம்ப்பின் கைப்பிடியில் உரசி எப்போது கிழிந்தது என்றே தெரியாது. எண்ணெய் போன்ற கரைப்பானில் வரும் மருந்துகள், தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுக்குமே அவை, லேடெக்ஸைச் சீக்கிரம் ஊடுருவிவிடும். ஓட்டை தெரியாமலேயே மருந்து அந்தப் பக்கம் போய்விடும்.

நான்காவது, முழங்கை பக்கம் வரை நீளும் தடித்த நைட்ரைல் கையுறை. கனம் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர், உள்ளே துணி ஒட்டாதது. மேல்பக்கம் கூம்புக் குடுவைப் படம் இருந்தால் ரசாயனத்துக்கென்று சோதித்த கையுறை என்று பொருள். மருந்தடிக்க வேண்டியது இதுதான். குறை என்னவென்றால், வெயிலில் உள்ளே வியர்த்துக் கொட்டும், விரல் மரத்துப்போன மாதிரி இருக்கும். அதனால்தான் பலர் பாதி வேலையில் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். செருகிய இடத்திலும் மருந்து படும் என்பது அப்புறம்தான் உறைக்கும். கொஞ்சம் பெரிய அளவு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. காலையில் பெரட்டு முடிந்ததும், மாட்டுவதற்கு முன், மணிக்கட்டுப் பக்கமிருந்து கையுறையைச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். விரல்கள் காற்றில் உப்பி அப்படியே நின்றால் சரி. சுருங்கினால் எங்கோ ஓட்டை. வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம், நேற்றைய மருந்து அதில் இருக்கும்.

இன்னொன்று, சட்டைக் கை. தரையில் இருக்கும் களைக்குக் கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் வழியும் சொட்டு நேராகக் கையுறைக்குள் போகும். கைதூக்கி உயரத்தில் அடிக்கும்போது இது தலைகீழ்: சட்டைக் கை உள்ளே, கையுறை வெளியே. கால்சட்டை மட்டும் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே.

"என்95 போட்டால் எல்லாவற்றையும் தடுக்கும்."

பாதி சரி, அதனால் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூசி, நுண்துளி போன்ற துகளில் குறைந்தது 95 சதவீதத்தை அது பிடிக்கும். ஆவியைப் பிடிக்காது. மூக்கில் கட்டும் துவாலையும் நீல நிற மருத்துவ முகமூடியும் அந்த அளவுக்குக்கூட உதவாது. ஓரமெல்லாம் திறந்திருக்கும், நனைந்துவிட்டால் மருந்துத் துணியை மூக்கில் கட்டிய கதைதான்.

கரித்தூள் டப்பா மாட்டிய அரை முகமூடி ஆவியையும் பிடிக்கும். முன்னால் துகள் வடிகட்டியும் சேர்த்திருந்தால் தெளிப்புத் துளிக்கும் ஆகும். ஆனால் பராமரிக்கத் தெரியாதவர் கையில் இது வீண். டப்பாவைப் பிரித்ததும் கரி காற்றில் இருப்பதையெல்லாம் இழுக்கத் தொடங்கிவிடும். ஸ்டோர் ஆணியில் தொங்கவிட்டாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் இறுக்கமாக மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைக்க வேண்டும். "நாற்றம் வரும்வரை போடலாம்" என்பதும் தவறு: நாற்றம் வந்தால் ஏற்கனவே தாமதம், சில மருந்துக்கு நாற்றமே இருக்காது.

அப்புறம் தாடி. என்95 ஆகட்டும், டப்பா முகமூடி ஆகட்டும், ஓரம் தோலில் ஒட்டினால்தான் பயன். டப்பாவை உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுங்கள். முகமூடி முகத்தோடு உறிஞ்சிப் பிடித்தால் அடைப்பு சரி. இரண்டு நாள் தாடிகூட இதைக் கெடுக்கும்.

எது வேண்டும் என்பதை லேபிளும், தோட்டத்தில் செய்த ரசாயன அபாய மதிப்பீடும் சொல்லும். என் கணக்கில், கிளைபோசேட் மாதிரி ஆவியாகாத மருந்துக்கு லேபிள் அதிகம் கேட்காவிட்டால் என்95 போதும், மிச்சக் காசு நல்ல கையுறைக்குப் போகட்டும். கரைப்பான் நாற்றமடிக்கும் பூச்சிமருந்துக்கு டப்பா முகமூடி.

"பாராகுவாட் களைக்கொல்லி தடையாகிவிட்டது, இனி நகம் கெடாது, கையுறை தேவையில்லை."

முதல் பாதி சரி. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அது தடை. ஆனால் இப்போது அடிக்கும் மருந்துகளும் கண்ணையும் தோலையும் எரிப்பவைதான்.

"வேலை முடிந்ததும் முதலில் கையுறையைக் கழற்றிவிட வேண்டும்."

தவறு. கையுறை மாட்டியபடியே சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிறகு கண்ணாடி, முகமூடி, மேலுடை. அப்புறம் மறுபடி கையுறையைக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள், கடைசியாக வெறுங்கையை.

"கையுறை கிழிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்."

தவறு. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 26ஆம் பிரிவு: சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. அதே சட்டம் கொடுத்ததை மாட்டும் கடமையைத் தொழிலாளிக்கும் வைத்திருக்கிறது. கிழிந்த கையுறையை மண்டோரிடம் காட்டி, முதல் பம்ப்பைக் கலப்பதற்கு முன்னாலேயே மாற்றிக் கேளுங்கள்.