புரொஜெக்டர்: நேராக வைப்பதா, கீஸ்டோனால் சரிசெய்வதா?

வரவேற்பறையில் புரொஜெக்டரைச் சுவருக்கு நேர் எதிரே நடுவில் வைக்கலாம். அல்லது ஓரத்தில் வைத்து, கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் திருத்தத்தால் நேராக்கலாம்.

நேராக வைத்தால் தூரம்தான் கணக்கு. தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ விகிதம். அது 1.2 என்றால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு லென்ஸ் சுவரிலிருந்து 2.4 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். நடு அறையில் இடம் அடைபடும், அவ்வளவுதான்.

ஓரத்தில் வைத்தால் இடம் மிச்சம். ஆனால் கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. பிக்சல்கள் வீணாகி எழுத்துகள் மழுங்கும். இருட்டில் படத்தைச் சுற்றித் தெரியும் சாம்பல் நிறப் பட்டை அந்த வீணான பகுதியே. இதைவிடப் பெரிய குறை ஃபோகஸில் வரும். படத்தின் ஒரு பக்கம் லென்ஸுக்கு அருகிலும் மறுபக்கம் தொலைவிலும் இருப்பதால், இடது மூலை எழுத்து தெளிந்தால் வலது மூலை மங்கும். கீஸ்டோன் இதைத் தீர்க்காது.

நான் நேராக வைப்பதையே சொல்வேன். முடிந்தவரை நகர்த்திவிட்டு, மிச்சக் கோணலுக்கு மட்டும் கீஸ்டோனைத் தொடுங்கள்.