இறந்த மனைவியா, கேளாத காதா?

கதையில் வரும் துப்பறிவாளருக்குச் சொந்தச் சோகம் வேண்டும் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது இறந்துபோன மனைவியும் ஒரு மது பாட்டிலும்தான். சிறுகதைக்கு இது போதும். இரண்டே வரியில் வாசகரின் இரக்கம் கிடைத்துவிடும். நாவலில் தேங்கிவிடுகிறது. இழப்பு எப்போதோ நடந்து முடிந்தது. விசாரணையின் எந்தத் திருப்பத்தையும் அது மாற்றுவதில்லை. இரவு முழுக்கக் குடித்தவர் காலையில் தெளிவாகத் துப்புத் துலக்குகிறார், எப்படியோ!

இன்னொரு வழி, வலக்காது கேட்காத ஓர் இன்ஸ்பெக்டர். தெரிந்தால் அலுவலக வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று மறைக்கிறார். பழக்கங்கள் இதிலிருந்தே பிறக்கின்றன: சாட்சியை எப்போதும் இடப்பக்கம் உட்காரவைப்பார், டீக்கடையில் வலத்தோளைச் சுவரோரம் வைத்துக்கொள்வார். ஒற்றைக் காதால் ஒலி வரும் திசையைப் பிரித்தறிவது கடினம். ஆகவே இருட்டில், சந்து பிரியும் இடத்தில், ஓடும் காலடி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் நிற்கிறார். குற்றவாளி தப்புகிறான், காரணம் அறிக்கையில் எழுத முடியாதது.

விலையை வீட்டில் கொடுக்கிறார். மகள் வலப்பக்கம் நின்று பேசினால் பதில் வருவதில்லை. அலட்சியம் என்று நினைத்து அவள் பேச்சையே குறைத்துக்கொள்கிறாள். வழக்கு முடிந்தாலும் இது தீராது. அவளிடம் மட்டும் சொல்லலாமே? அவளுடைய தாய்மாமன் அதே காவல் நிலையத்தில் வேலை பார்த்தால் முடியாது, விஷயம் அவர் காதுக்குப் போய்விடும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, உழைப்பு கூடுதல் என்றாலும். ஒவ்வோர் உரையாடலிலும் யார் எந்தப் பக்கம் என்று கையெழுத்துப் படியின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் வலப்பக்கத்துக் கிசுகிசுப்பு அவருக்குக் கேட்டுவிட்டால் வாசகர் மன்னிக்கமாட்டார்.