ஒரே ரைபிளில் ரெட் டாட்டும் ஸ்கோப்பும்: நான்கு வருடப் பயன்பாடு

டெக்ஸாஸில் ஹூஸ்டனுக்கு வெளியே உள்ள ஒரு ரேஞ்சில் நான்கு வருடமாகச் சுடுகிறேன். துப்பாக்கி மாறவே இல்லை: ரூகர் 10/22, தோட்டா .22 எல்ஆர். ஆனால் அதன் மேல் உட்காரும் சைட் மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது. ஒன்று 2 எம்ஓஏ புள்ளி உள்ள ரெட் டாட்; எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு, கணக்கைப் பின்னால் சொல்கிறேன். மற்றது 3-9x40 ஸ்கோப், அதாவது 3-லிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர். சனிக்கிழமை சில வாரம் இரும்புத் தகடு சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டி, மற்ற வாரங்களில் மேஜையில் மணல் பை வைத்து 50 கஜத்தில் காகிதம் சுடுவது. இரண்டையும் இரண்டு வேலைக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். புதிதாகச் சேரும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது "எது நல்லது, எவ்வளவு ஜூம்?" என்பதுதான். ஜூமிலிருந்து தொடங்கினால் விஷயம் பிடிபடாது. கண் எங்கே இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரெட் டாட்டில் இருப்பது ஒரு சின்ன எல்இடி விளக்கும், அதைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள ஒரு வளைந்த கண்ணாடியும்தான். அந்த ஒளி இணைக்கதிராக வருவதால் புள்ளி கண்ணாடியில் ஒட்டியதுபோல் தெரியாமல், தொலைவில் இலக்கோடு சேர்ந்து நிற்பதுபோல் தெரியும். தலை கொஞ்சம் மேலே, கீழே, பக்கவாட்டில் போனாலும் புள்ளி ஜன்னலுக்குள் நகருமே தவிர, அது நிற்கும் இடத்தில்தான் தோட்டா போகும். மிகக் கிட்ட உள்ள இலக்கில் மட்டும் சின்னப் பிசகு வரும். அதுவும் அந்தக் கண்ணாடியின் பாதி அகலத்தைத் தாண்டாது. கண்ணுக்கும் சைட்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம் வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு இலக்கைப் பார்த்தால் போதும். 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் இப்படி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று விளக்கும் பேட்டரியும் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை அதேதான்.

ஸ்கோப் ஒரு தொலைநோக்கி. முன்கண்ணாடி உருவாக்கும் பிம்பத்தை நேராக்கி, நடுவில் குறுக்குக் கம்பியைச் சேர்த்து, பெரிதாக்கிக் கண்ணுக்குத் தருகிறது. அந்தப் பிம்பம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றைக்கு ஒரு அகலம் உண்டு. முன்கண்ணாடியின் விட்டத்தை ஜூமால் வகுத்தால் அது கிடைக்கும். என் ஸ்கோப்பில் 3 மடங்கில் 13 மில்லிமீட்டர், 9 மடங்கில் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த 4 மில்லிமீட்டருக்குள் கண்மணி இருக்க வேண்டும், அதுவும் கண்ணாடியிலிருந்து மூன்றரை அங்குலம் தள்ளி. கொஞ்சம் விலகினால் விளிம்பில் கருப்புப் பிறை தெரியும், இன்னும் விலகினால் படமே காணாமல் போகும். மேஜையில் உட்கார்ந்து சுடும்போது இது ஒரு பிரச்சினையே இல்லை. நின்றுகொண்டு அவசரமாகத் துப்பாக்கியைத் தூக்கும்போதுதான் முழுப் பிரச்சினையும்.

ஸ்டீல் சேலஞ்சில் ஸ்மோக் அண்ட் ஹோப் என்று ஒரு கட்டம் உண்டு. 18க்கு 24 அங்குலத்தில் நான்கு பெரிய தகடுகள், எல்லாம் பத்து கஜத்துக்குள். அவற்றைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வட்டத் தகடு. அதைக் கடைசியாக அடித்தால்தான் கடிகாரம் நிற்கும். துப்பாக்கியைத் தரை நோக்கிச் சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும், பீப் சத்தம் கேட்டதும் தூக்கிச் சுட வேண்டும். முதல் வருடம் ஸ்கோப்பை 3 மடங்கில் வைத்தே சுட்டேன். ஐந்து தகடுக்கு நாலேகால் விநாடி ஆனது. ரெட் டாட் போட்ட பிறகு அதே கை, அதே தோட்டா, மூன்று விநாடிக்குப் பக்கத்தில் வந்தது. பயிற்சியால் கிடைத்த வேகமோ என்று சந்தேகப்பட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் போட்டுச் சுட்டேன். நாலு விநாடியில் போய் நின்றது.

அந்த ஒரு விநாடி எங்கே போகிறது என்பதை ஒரு நண்பர் எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். தகடுகளுக்கு இடையே நகரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் தோட்டாவுக்கு முன்னால், கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டுத் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் படத்தைத் தேடுகிறேன். கடைசித் தகடு முன் இன்னொரு சின்னத் தேடல். ஜூம் உள்ள கண்ணாடியில் பார்வைப் பரப்பு குறுகும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 9 மடங்கில் வைத்தால் இன்னும் மோசம்: 25 கஜத்தில் எனக்குத் தெரியும் அகலம் மூன்று அடிகூட இல்லை. அடுத்த தகடு எந்தப் பக்கம் என்பதே தெரியாது.

சரி, இப்போது மேஜைக்கு வருவோம். இங்கே நிலைமை அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரு வட்டத்துக்கு 360 பாகை, ஒரு பாகைக்கு 60 நிமிடம். அந்த ஒரு நிமிடம்தான் ஒரு எம்ஓஏ, 100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம். என் 2 எம்ஓஏ புள்ளி 50 கஜத்தில் ஒரு அங்குலத்தை மறைக்கும். நான் குறிவைக்க ஒட்டும் ஸ்டிக்கரே ஒரு அங்குலம்தான். புள்ளியை வைத்தால் ஸ்டிக்கர் முழுதாக மறைந்துவிடும். நடுவில் வைத்திருக்கிறேனா, ஓரத்திலா என்று சொல்ல வழியே இல்லை. ஐந்து தோட்டாக்களின் கூட்டம் ஸ்கோப்பில் 9 மடங்கில் சராசரியாக 0.9 அங்குலத்துக்குள் விழும். ரெட் டாட்டில் 1.9 அங்குலம்.

ஆனால் இதில் பாதி தவறு என்னுடையது என்று பிறகு தெரிந்தது. சின்ன ஸ்டிக்கருக்குப் பதில் 4 அங்குலக் கருப்பு வட்டத்தை வைத்து, புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு கருப்பு தெரியும்படி நடுவில் நிறுத்தினேன். விளக்கின் பிரகாசத்தையும் மூன்று படி குறைத்தேன், ஏனென்றால் அதிகப் பிரகாசத்தில் புள்ளி வீங்கித் தெரியும். கூட்டம் 1.4 அங்குலமாகச் சுருங்கியது. ரெட் டாட்டால் துல்லியமாகச் சுட முடியாது என்று முடிவு கட்டும் முன் இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். இதற்கு மேல் சுருங்கவில்லை. அங்கே ஜூம் தேவைதான். 100 கஜத்துக்குப் போனால் இன்னொன்றும் சேர்கிறது. 50 கஜத்தில் குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்படி ஜீரோ செய்திருப்பதால், என் தோட்டா அங்கே சுமார் 7 அங்குலம் கீழே விழும். ஸ்கோப்பின் குமிழைக் கிளிக்குக்குக் கால் எம்ஓஏ வீதம் 27 கிளிக் திருப்பிவிட்டு நேராகக் குறிவைப்பேன். ரெட் டாட்டில் வெறும் காகிதத்தில் உத்தேசமாக மேலே புள்ளியை நிறுத்த வேண்டும், அளந்து வைக்க ஒரு கோடு கூட இல்லை.

அடுத்தது கண். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாங்கிய அன்று வீட்டில் பார்த்தால் புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்த மிளகாய்ப்பழம் மாதிரி சாய்ந்து நீண்டு தெரிந்தது. பழுதான பொருள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பி, இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே வால். பழுது என் கண்ணில். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் என்று எழுதியிருக்கிறதே, அந்த அஸ்டிக்மாட்டிசம்தான். சோதிப்பது சுலபம்: சைட்டைத் துப்பாக்கியில் மாட்டாமல் கையில் பிடித்து, புள்ளியைப் பார்த்தபடியே மெல்லச் சுழற்றுங்கள். வால் சைட்டோடு சேர்ந்து சுழன்றால் கோளாறு சைட்டில். வால் அதே திசையில் நின்றால் கோளாறு கண்ணில். கைபேசி கேமரா வழியே பார்த்துப் புள்ளி வட்டமாகத் தெரிந்தாலும் அதே முடிவுதான். சிலிண்டர் பவர் போட்ட மூக்குக்கண்ணாடியோடு சுடத் தொடங்கியதும் வால் பெருமளவு மறைந்தது. பவர் அதிகம் உள்ளவர்களுக்கு என் யோசனை, ஜூம் இல்லாத பிரிசம் சைட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருப்பதால் கூர்மையாகத் தெரியும். ஆனால் ஸ்கோப் போலவே கண்ணைச் சரியான தூரத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

ஸ்கோப்பில் என்னை ஏமாற்றியது பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறுக்குக் கம்பியும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவது. முதலில் வைத்திருந்தது பெரிய ரைபிளுக்கான ஸ்கோப். அதன் பாரலாக்ஸ் 100 கஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டிருந்தது. 25 கஜத்தில் சுட்டால் கூட்டம் சில நாள் அருமையாக வரும், சில நாள் பக்கவாட்டில் பரவும். தோட்டாவைக் குறை சொன்னேன், குழலைச் சுத்தம் செய்தேன். கடைசியில் ரேஞ்சில் ஒரு பெரியவர் காட்டித்தந்தார்: தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பையில் அசையாமல் வைத்துவிட்டு, தொடாமல் தலையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டும். குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நகர்ந்தது. கன்னம் தினமும் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்ததால்தான் தோட்டாவும் வெவ்வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவுக்கென 50 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப் வாங்கியதும் அந்தப் பரவல் நின்றது. ஊரில் ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கும் நண்பர்களுக்கு இது இன்னும் முக்கியம். 10 மீட்டரில் சுடுவதானால் அவ்வளவு கிட்டத்துக்குப் பாரலாக்ஸ் திருத்தக்கூடிய ஸ்கோப் வேண்டும். அப்புறம், ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் பின்னாலும் முன்னாலும் இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்கென்று செய்யப்படாத ஸ்கோப்பின் உள்பாகங்கள் அதில் கழன்றுவிடும்.

ஜீரோ ஊர்ந்து போனால் உடனே சைட்டைத் திட்டாதீர்கள். எனக்கு மூன்று முறை நடந்தது, மூன்று முறையும் காரணம் சைட்டைத் துப்பாக்கியோடு இணைக்கும் அடித்தட்டின் தளர்ந்த திருகுதான். ஒரே நாளில் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் விழுந்தால் அங்கே முதலில் பாருங்கள். பேட்டரி விஷயத்தில் நான் செய்வது ஒன்றுதான்: சிஆர்2032 வில்லையை ஒவ்வொரு பொங்கலுக்கும் மாற்றிவிடுவேன், மீதம் இருந்தாலும். ஸ்கோப்புக்கு அந்தக் கவலையே கிடையாது.

இப்போது இரண்டையும் கழற்றி மாட்டும் மவுன்ட்டில் வைத்திருக்கிறேன். போட்டி மாதங்களில் ரெட் டாட், மற்ற நாட்களில் ஸ்கோப். இலக்கு பெரிது, கிட்ட இருக்கிறது, நேரம்தான் குறைவு என்றால் ரெட் டாட்டை எடுக்கிறேன். இலக்கு நான் மறைத்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னது, நேரம் என் கையில் என்றால் ஸ்கோப். ஒரே ஒன்று வாங்கப் பணம் இருப்பவர், எதைச் சுடுவது என்றும் இன்னும் முடிவு செய்யாதவர் என்றால், 1-லிருந்து 6 மடங்கு வரை போகும் ஸ்கோப்பைத்தான் சொல்வேன். ஒரு மடங்கில் அது ரெட் டாட் அளவுக்கு வேகமில்லை, கனமும் கூட, ஆனால் இரண்டு வேலையையும் ஓரளவு செய்யும். மாற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் 50 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டு, குறித்து வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் பழைய இடத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் விழுகிறது. தகடுக்கு அது போதும், காகிதத்துக்கு இரண்டு மூன்று கிளிக் திருத்திக்கொண்டுதான் தொடங்குவேன்.