மாடி ஒன்று கூட்டினால் ஜன்னலும் கூடிவிடுகிறது: ஏஐ படக் கருவிகளோடு இரண்டு வருட அனுபவம்

ஹட்டனில் வீட்டுப் பிளான் வரையும் சின்னக் கடை என்னுடையது. இங்கே புது வீட்டைவிட, இருக்கிற வீட்டின் மேல் இன்னொரு தட்டுப் போடுகிற வேலைதான் அதிகம். சரிவில் நிலம் கிடைப்பது கஷ்டம், அதனால் எல்லாரும் மேலே போகிறார்கள். பிளானைக் காட்டினால் பலருக்குப் புரிவதில்லை. வீட்டின் போட்டோவிலேயே புது மாடியைப் போட்டுக் காட்டினால் உடனே புரிந்துவிடும். அதற்காகத்தான் இரண்டு வருடமாக ஏஐ படக் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன்.

ஆரம்பத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். டிக்கோயா பக்கம் ஒரு வீடு, மேல் தட்டில் வரிசையாக ஐந்து ஜன்னல். எழுத்தில் சொன்னால் படத்தை மாற்றித் தரும் ஒரு இணையச் சேவையில் போட்டோவை ஏற்றி, மேலே ஒரு மாடி சேர் என்று கேட்டேன். அழகான படம் வந்தது, வீட்டுக்காரருக்கும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார்.

“தம்பி, நான் அஞ்சு ஜன்னல்னுதானே சொன்னேன்? அலுமினியக் கடையில ஏழுக்கு விலை போட்டிருக்காங்க.”

கடைக்காரர் என் படத்தைப் பார்த்துத்தான் எண்ணியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், புது மாடியில் ஏழுதான். பழைய மாடியிலும் ஐந்து ஆறாகியிருந்தது. அதை நானும் கவனிக்கவில்லை, வீட்டுக்காரரும் கவனிக்கவில்லை. சொந்த வீட்டின் ஜன்னலை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அன்றிலிருந்து, எண்ணாமல் ஒரு படமும் என் கடையை விட்டு வெளியே போவதில்லை.

இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. இந்தக் கருவிகளுக்கு எண்ணிக்கை என்று ஒன்று தனியாக இல்லை. ஜன்னல் வரிசை என்பது அவற்றுக்குத் துணியில் வரும் கட்டம் மாதிரி ஒரு கோலம். இடம் இருந்தால் நிரப்பும், இடம் போதாவிட்டால் நெருக்கும். எழுத்தில் மட்டும் கேட்கும்போது, பெரும்பாலான சேவைகள் புது மாடியை மட்டும் வரைந்து ஒட்டுவதில்லை. முழுப் படத்தையும் திரும்ப வரைகின்றன. அதனால்தான் நாம் தொடச் சொல்லாத பழைய தட்டும் மாறிப்போகிறது.

இரண்டாவது காரணம் படத்தின் சட்டத்துக்குள் இருக்கும் இடம். நம் போட்டோக்களில் கூரைக்கு மேலே வானம் கொஞ்சம்தான் இருக்கும். புது மாடிக்கு மேலே இடம் இல்லையென்றால், கருவி பழைய தட்டுகளை நசுக்கித்தான் இடம் எடுக்கும். ஒரு தட்டு காணாமல் போவதும், இரண்டு தட்டு ஒன்றாவதும் இப்படித்தான்.

மலைநாட்டுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு தட்டாகத் தெரியும் வீடு, பள்ளத்துப் பக்கமிருந்து பார்த்தால் மூன்று தட்டு. வீட்டுக்காரர் ரோட்டு மட்டத்திலிருந்து எண்ணி “மூணாவது மாடி போடணும்” என்பார். போட்டோவில் ஏற்கனவே மூன்று இருக்கும். நானும் அப்படியே எழுதிக் கொடுக்க, கருவி புதிதாக ஒன்றும் சேர்க்காமல் இருப்பதையே அழகுபடுத்தித் தந்தது. இன்னொரு தடவை ரோட்டுக்குக் கீழே இருந்த அணைச்சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த குழாய்த் துளைகளைச் சின்ன ஜன்னல்களாக்கி, அதையும் ஒரு தட்டாக மாற்றிவிட்டது. அதனால் நான் இப்போது “எத்தனையாவது மாடி” என்று எழுதுவதே இல்லை.

இப்போது எண்ணிக்கையைக் கருவியிடம் விடாமல், நானே கையால் படத்தில் வைத்துவிடுகிறேன். ஒட்டு தெரியாமல் செய்வதும், வெளிச்சத்தைச் சேர்ப்பதும் மட்டும்தான் கருவியின் வேலை. போன மாதம் செய்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன்.

போட்டோ 1536 × 1024 பிக்சல். ரோட்டிலிருந்து கொஞ்சம் அண்ணாந்து எடுத்தது. கீழ்த் தட்டு படத்தில் 260 பிக்சல் உயரம், மேல் தட்டு 240. நிஜத்தில் இரண்டும் ஒரே உயரம்தான். அண்ணாந்து எடுத்தால் மேலே போகப் போகக் குறுகித் தெரியும். அதே கணக்கில் போனால் புது மாடி கிட்டத்தட்ட 222 பிக்சல் வர வேண்டும். கூரை உச்சி படத்தின் மேல் விளிம்பிலிருந்து 180 பிக்சலில்தான் இருந்தது. அதை 222 உயர்த்தினால் சட்டத்துக்கு வெளியே போய்விடும். எனவே முதல் வேலையாக ஜிம்ப் மென்பொருளில் `Canvas Size` வழியாக மேலே 256 பிக்சல் கூட்டினேன். படம் 1536 × 1280 ஆனது. புதிதாக வந்த இடத்தில் வானத்தை இழுத்து நிரப்பிக்கொண்டேன். தகரக் கூரையை வெட்டித் தனி லேயராக்கி மேலே நகர்த்தினேன்.

அப்புறம் பழைய மேல் தட்டை, ஐந்து ஜன்னலோடு, ஒரு பட்டையாக நகலெடுத்து மேலே வைத்தேன். `Perspective` கருவியால் அதன் இரு ஓரங்களும் கீழ்த் தட்டின் ஓரக் கோடுகளோடு ஒரே நேராகப் போகும்படி சரிசெய்து, உயரத்தை 222-க்குக் கொண்டுவந்தேன். இந்த நேரத்தில் படம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஒட்டு தெரியும், நிழல் பொருந்தாது. ஆனால் ஜன்னல் ஐந்து, தட்டு மூன்று என்று கணக்கு சரியாக இருக்கிறது. அதுதான் முக்கியம்.

இதற்குப் பிறகுதான் ஏஐ. என் கணினியில் ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற படம் வரையும் ஏஐ மாடலை வைத்திருக்கிறேன். புது மாடியின் சுவரையும் கூரை சேரும் இடத்தையும் மட்டும் மாஸ்க் பூசுவேன், அதாவது கருவி மாற்றி வரைய வேண்டிய இடம் இதுதான் என்று தூரிகையால் குறிப்பேன். பழைய ஜன்னல் ஒன்றின் மேலும் தூரிகை படக் கூடாது. `Inpaint area` என்ற இடத்தில் `Only masked` தேர்ந்தெடுப்பேன். இந்த வகை மாடல் 8 × 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கித்தான் உள்ளே வேலை செய்கிறது. 40 பிக்சல் அகல ஜன்னல் என்றால் அதற்குக் கிடைப்பது ஐந்தே கட்டம். அதற்குள் சட்டமும் கம்பியும் எங்கே தங்கும்? `Only masked` போட்டு, வரையும் அளவையும் அந்தப் பகுதியைவிடப் பெரிதாக வைத்தால், அதைப் பெரிதாக்கி வரைந்து, பிறகு சுருக்கி வைக்கும். ஜன்னல் ஜன்னலாகவே நிற்கும்.

எழுதிக் கொடுக்கும் வரியில் நான் நீண்ட நாள் செய்த தவறு, “மூன்று மாடி வீடு” என்று எழுதியது. மாஸ்க்குக்குள் இருப்பது ஒரே ஒரு சுவர்ப் பட்டை. அங்கே மூன்று மாடி வீடு என்று சொன்னால், அந்தப் பட்டைக்குள்ளேயே மூன்று குட்டித் தட்டுகளை வரைய முயலும். இப்போது பட்டைக்குள் இருப்பதை மட்டும், எண் இல்லாமல் எழுதுகிறேன்:

```
row of identical closed wooden windows, cream plaster wall, overcast daylight
```

எல்லாவற்றையும் தீர்மானிப்பது `Denoising strength`, அதாவது இருக்கும் படத்தைக் கருவி எவ்வளவு தூரம் மாற்றலாம் என்ற அளவு. அதன் வழக்கமான அளவான 0.75-இல் விட்டால், நான் வைத்த ஜன்னல்களைக் கருவி ஏறக்குறைய மறந்துவிட்டுப் புதிதாக வரையும். என் கையில் 0.35 பக்கம்தான் ஒத்துவருகிறது. ஒட்டு மறைகிறது, நிழல் சேர்கிறது, ஐந்து ஐந்தாகவே இருக்கிறது. 0.5 தாண்டினால் ஓர ஜன்னல்தான் முதலில் போகும், இல்லாவிட்டால் இரண்டாகப் பிளக்கும். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால், படத்தின் அமைப்பு மாறாமல் வரையவைக்கும் கண்ட்ரோல்நெட் என்ற துணைக் கருவியில் MLSD என்ற வகையைச் சேர்த்துக்கொள்வேன். அது நேர்கோடுகளைப் பிடித்துவைப்பதால் கட்டடத்துக்குப் பொருத்தம். மூடுபனி விழுந்த போட்டோவில் அது உதவாது. கோடு கண்ணுக்கே தெரியாதபோது அது எதைப் பிடிக்கும்? எங்கள் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கிவிடுவதால், போட்டோவைக் காலையிலேயே எடுத்துவிடுகிறேன். முடிந்தால் எதிர்ச் சரிவில் ஏறி, வீட்டின் நடு உயரத்துக்கு நேராக நின்று, கேமராவைச் சாய்க்காமல் எடுப்பேன். அப்படி எடுத்தால் முகப்பின் தட்டுகள் எல்லாம் ஒரே உயரத்தில் விழும், 222 கணக்கெல்லாம் தேவையே இல்லை. மலையில் இருப்பதால் கிடைக்கும் வசதி இது.

படம் வந்ததும் இரண்டு சோதனை. பழைய போட்டோவை மேல் லேயராக, கீழ்த் தட்டுகள் சரியாகப் பொருந்தும்படி வைத்து, லேயர் முறையை `Difference` ஆக்குவேன். மாறாத இடம் கறுப்பாகத் தெரியும். கீழ்த் தட்டுகளில் எங்காவது வெளிச்சக் கோடு தெரிந்தால் பழைய பகுதி மாறியிருக்கிறது என்று பொருள். உடனே பழைய போட்டோவின் அந்தப் பகுதியை அப்படியே மேலே வைத்துவிடுவேன். அடுத்தது எண்ணுவது. தனி லேயரில் ஒவ்வொரு ஜன்னலின் மேலும் 1, 2, 3 என்று எழுதுவேன், பழைய படத்திலும் புதிய படத்திலும். கண்ணால் மட்டும் எண்ணினால் மூளை தானாக ஐந்து என்று சொல்லிவிடுகிறது. பக்கவாட்டுச் சுவரை இரண்டு தடவை பார்ப்பேன். தூரம் போகப் போக ஜன்னல்கள் ஒடுங்குவதால் தவறு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

திருத்தம் வேண்டுமென்றால் வந்த படத்தை மறுபடி கருவியில் போடக் கூடாது. “கூரையைச் சிவப்பாக்கு”, “பெல்கனியை நீட்டு” என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்து, நாலாவது சுற்றில் வேறு வீடாகிவிடும். நான் கையால் ஒட்டிய படத்தைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த முறை உதவாத இடமும் உண்டு. புது மாடி கீழ்த் தட்டின் நகலாக இல்லாமல், உள்வாங்கி முன்னால் மொட்டைத் தளம் விட்டிருந்தால், நகலெடுக்க ஒன்றும் கிடையாது. அப்போது பிளானில் உள்ள அளவுப்படி சுவரை ஒரு நிறத்திலும் ஜன்னல்களை வெறும் சதுரங்களாகவும் நானே வரைந்துவிட்டு, 0.5 பக்கம் வைத்து, பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, எண்ணிக்கை சரியாக வந்ததைத் தேர்ந்தெடுக்கிறேன். அரை நாள் போய்விடும்.

எழுத்தில் கேட்டு மாற்றும் சேவைகளை முழுதாக விடவில்லை. பெயிண்ட் நிறம், கூரைத் தகடு மாற்றிக் காட்டுவதற்கு அவை வசதி. முந்தைய வருடத்தைவிட இப்போது சொன்னதைக் கேட்கின்றன. ஆனால் மாடி கூட்டும் வேலைக்கு இன்னும் அவற்றை நம்பவில்லை.

படம் கொடுக்கும்போது கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: “புது மாடி: முன்பக்கம் 5 ஜன்னல், இடப்பக்கம் 3. அளவுக்குப் பிளானைப் பார்க்கவும்.” பழைய அத்திவாரம் இன்னொரு தட்டைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் சொல்ல வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் போக வேண்டும். அதையும் வாயால் சொல்லியே அனுப்புகிறேன். போன மாத வீட்டுக்காரர் அந்தப் படத்தோடு அதே அலுமினியக் கடைக்குப் போனார். முன்பக்கத்துக்கு ஐந்து ஜன்னலுக்குத்தான் விலை வந்தது.