கிளட்ச் பிளேட் கணக்கு: சீரான அழுத்தமா, சீரான தேய்மானமா?

கிளட்ச் பாடம் எடுக்கும்போது, பிளேட் எவ்வளவு டார்க் கடத்தும் என்பதற்கு இரண்டு சூத்திரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. சீரான அழுத்தம் அதிக டார்க் காட்டும், சீரான தேய்மானம் குறைவாகக் காட்டும், அதனால் பாதுகாப்புக்கு இரண்டாவதை எடுத்துக்கொள் என்று சொல்லிப் பாடம் முடிந்துவிடும். அந்த வித்தியாசம் எவ்வளவு, எந்த இடத்தில் கடிக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. கிருஷ்ணகிரியில் கிரானைட் லோடு அடிக்கும் லாரிகளின் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தால், பாடத்தில் சொன்னதைவிட வேறு ஒரு பதில் கிடைக்கிறது.

வெளி விட்டம் 350 மி.மீ., உள் விட்டம் 210 மி.மீ. உள்ள ஒற்றை பிளேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதாவது ஆரங்கள் 175, 105. லைனிங் இரண்டு பக்கமும் உண்டு. உராய்வுக் கெழு 0.3, ஸ்பிரிங் அழுத்தும் விசை 12,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

```
சீரான அழுத்தம்:   T = 2·μ·F·(2/3)·(Ro³ − Ri³)/(Ro² − Ri²)
சீரான தேய்மானம்:  T = 2·μ·F·(Ro + Ri)/2
```

முதல் சூத்திரத்தில் பயன்படு ஆரம் 142.9 மி.மீ. வருகிறது, டார்க் 1029 நியூட்டன் மீட்டர். இரண்டாவதில் ஆரம் சரியாக 140, டார்க் 1008. வித்தியாசம் 2 சதவீதம். சூடு ஏறினால் உராய்வுக் கெழுவே இதைவிடப் பல மடங்கு ஆடும். பைக் கிளட்ச் பிளேட்டில் வளையம் இன்னும் ஒல்லி என்பதால் வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆக, ஸ்பிரிங் விசை தெரிந்திருந்தால் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். டார்க்கை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டில் எது சரி என்று சண்டை போடுவது வீண்.

அப்புறம் எங்கேதான் கடிக்கிறது? விசையைக் கொடுக்காமல், லைனிங் தாங்கும் அதிகபட்ச அழுத்தத்தைக் கொடுத்தால் கதை மாறுகிறது. லைனிங்குக்கு 0.25 நியூட்டன்/மி.மீ.² வரைதான் அனுமதி என்று வைப்போம். முகம் முழுக்க அதே அழுத்தம் என்று நினைப்பவர், மொத்தப் பரப்பையும் 0.25-ஆல் பெருக்கி, சுமார் 15,400 நியூட்டன் ஸ்பிரிங் போடலாம் என்பார். அவருக்கு டார்க் 1320. தேய்மானக் கணக்குக்காரர் அந்த 0.25 உள்விளிம்பில் மட்டுமே இருக்கும் என்பதால் சுமார் 11,550 நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது என்பார். அவருக்கு 970. இப்போது வித்தியாசம் 36 சதவீதம். இன்ஜின் 800 நியூட்டன் மீட்டர் தந்து, அதற்கு மேல் கால் பங்கு கையிருப்பு வேண்டுமென்றால் தேவை 1000. ஒருவர் கணக்கில் அதே பிளேட் தாராளமாகப் பாஸ், இன்னொருவர் கணக்கில் ஃபெயில்.

உள்விளிம்பில் ஏன் அழுத்தம் கூடுகிறது என்பதற்குக் காரணம் எளிது. ஓர் இடம் எவ்வளவு வேகமாகத் தேயும் என்பது அங்குள்ள அழுத்தத்தையும் உரசும் வேகத்தையும் பெருக்கியதைப் பொறுத்தது. உரசும் வேகம் ஆரத்தோடு கூடும். புது பிளேட்டில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் இருப்பதால், வேகம் அதிகமுள்ள வெளிவட்டம் முதலில் தேய்கிறது. தேய்ந்த இடம் சுமையை விட்டுவிட, அந்தச் சுமை உள்ளே நகர்கிறது. அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் எல்லா இடத்திலும் ஒரே எண் வரும்வரை இந்த நகர்வு நடக்கும். அப்படிப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்க் கொள்கைகள் அல்ல. ஒன்று பிளேட்டின் முதல் நாள் நிலை, மற்றது பழகிய பிறகான நிலை.

இப்போது 15,400 ஸ்பிரிங் போட்டவரின் பிளேட் என்ன ஆகும் என்று பார்ப்போம். பழகிய பிறகும் டார்க் 1320-லிருந்து சுமார் 1290-க்குத்தான் இறங்கும். ஸ்லிப் அடிக்காது. ஆனால் உள்விளிம்பில் அழுத்தம் 0.33 ஆகிவிடும், அதாவது லைனிங் தாங்கும் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். வண்டி நன்றாக இழுப்பதால் டிரைவருக்குச் சந்தேகமே வராது. உள்வட்டம் மட்டும் கண்ணாடி போல் மினுங்கி, கருகி, அங்குள்ள ரிவெட்டைச் சுற்றி விரிசல் விட ஆரம்பிக்கும். சூத்திரத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததன் விலை டார்க்கில் இல்லை, பிளேட்டின் ஆயுளில்தான் இருக்கிறது. என் கருத்தில் தேய்மானக் கணக்கைப் போடச் சொல்ல வேண்டிய உண்மையான காரணம் இதுதான்.

பட்டறையில் பிளேட் ஒழுங்காகத் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிய பிளேட்டின் லைனிங் தடிமனை வெர்னியரில் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் அளக்க வேண்டும். தேய்மானக் கொள்கைப்படி, ஆரம்பத்தில் வெளிப்பக்கம் சற்றுக் கூடத் தேய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். எனவே இரண்டு அளவுக்கும் சிறு வித்தியாசமே இருக்க வேண்டும். உள்பக்கம் தெளிவாக மெலிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம் அல்ல. ஸ்பிரிங் விசையைக் கிளட்ச் பிளேட்டின் மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டிரெயிட் எட்ஜை அதன் முகத்தின் குறுக்கே வைத்து வெளிவிளிம்பில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நுழைகிறதென்றால் சூடுதான் காரணம். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் ஏறும்போது லோடு வண்டி நின்று நின்று, பாதி கிளட்சில் கிளம்பினால், பிரஷர் பிளேட்டின் உரசும் முகம் மட்டும் கொதிக்கும், முதுகுப்பக்கம் அவ்வளவு சூடாகாது. சூடான முகம் விரிய, பிளேட் கவிழ்த்த தட்டு போல வளைந்து, உள்விளிம்பு லைனிங் பக்கம் துருத்திக்கொள்ளும். இந்த நிலைக்கு இரண்டு சூத்திரங்களுமே பொருந்தாது. இரண்டும் முகம் முழுதும் தொடுகிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

வளைந்த பிரஷர் பிளேட்டை அப்படியே விட்டுவிட்டு, புது கிளட்ச் பிளேட் மட்டும் போட்டுக் கட்டினால் கணக்கு எப்படி மாறும்? 12,000 நியூட்டனுக்கே போடுவோம். 105-லிருந்து 140 மி.மீ. வரையுள்ள உள்பட்டை மட்டும் தொடுகிறது என்றால் பயன்படு ஆரம் சுமார் 122, டார்க் சுமார் 880. சமதளச் சாலையில் 800 தரும் இன்ஜினுக்கு இது போதும், அதனால் ஓட்டிப் பார்த்து "ஓகே" சொல்லிவிடுவார்கள். மேட்டில் லைனிங் சூடாகி உராய்வுக் கெழு 0.25-க்கு இறங்கினால் அதே கிளட்ச் 735 தான் தாங்கும். புது பிளேட், அதே நாளில் ஸ்லிப். "நேத்துதாண்ணே போட்டேன், பிளேட்டே டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், கழற்றிய பிரஷர் பிளேட்டின் மேல் அந்த ஸ்டிரெயிட் எட்ஜை ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும்.